தம்பிக்கு அனுப்பிய 1,500 ரூபாய் போகும் வழி

“என் கணக்கு ஒரு வங்கியில், தம்பி கணக்கு வேறொரு வங்கியில். யுபிஐயில் 1,500 ரூபாய் அனுப்பினால் ரெண்டு மூணு செகண்டில் அவனுக்கு மெசேஜ் வந்துவிடுகிறது. அந்தக் காசு நிஜமாகவே அவ்வளவு வேகமாக ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போய்விடுகிறதா? அப்படியென்றால் சில நாள் என் கணக்கில் கழிந்தும் அவனுக்குச் சேராமல் தொங்குகிறதே, அது ஏன்?”

காசு அவ்வளவு வேகமாகப் போவதில்லை. உங்கள் வங்கி தன் பேரேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே 1,500 குறைத்து எழுதுகிறது. தம்பியின் வங்கி தன் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே 1,500 கூட்டி எழுதுகிறது. அந்த ரெண்டு மூன்று நொடியில் நடப்பது இந்த இரண்டு எழுத்து வேலைதான். வங்கிக்கும் வங்கிக்கும் இடையே உள்ள நிஜப் பணம் பிறகு, சில மணி நேரம் கழித்து, மற்ற லட்சக்கணக்கான பரிமாற்றங்களோடு சேர்ந்து ஒரே தொகையாகத் தீர்க்கப்படுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. பேரேடு இரண்டு, அவை இருப்பது இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம். ஒன்றில் எழுதியாகி மற்றதில் எழுதினார்களா இல்லையா என்று தெரியாமல் போகும் ஒரு கணம் எப்போதும் உண்டு.

நான் ஒரு வங்கியின் ரீகன்சிலியேஷன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன். இரண்டு பக்கத்து எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்ப்பதுதான் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் யார் இதில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். உங்கள் வங்கி, தம்பியின் வங்கி. இது எல்லாருக்கும் தெரியும். நடுவில் என்பிசிஐ, அதாவது இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகம். யுபிஐயை நடத்துவது இவர்கள்தான். 2016 ஏப்ரல் 11 அன்று அது அறிமுகமானது. 2010 நவம்பரில் தொடங்கிய ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பரிமாற்ற ஏற்பாட்டின் மேல்தான் அதைக் கட்டினார்கள். என்பிசிஐயிடம் உங்கள் கணக்கும் இல்லை, உங்கள் காசும் இல்லை. செய்தியை வாங்கி உரிய இடத்துக்குத் தள்ளிவிடும் சுவிட்ச் அது. வங்கிக்காரர்கள் பேச்சிலும் அதற்கு ‘சுவிட்ச்’ என்றே பெயர்.

பலர் கவனிக்காத இன்னும் இரண்டு பேர் உண்டு. கூகுள் பே, போன்பே போன்ற செயலி நிறுவனங்கள் நேரடியாகச் சுவிட்சோடு பேச முடியாது. ஒரு வங்கியின் தோளில் ஏறித்தான் உள்ளே வர முடியும். யுபிஐ முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது அந்த வங்கியின் அடையாளம். @okaxis என்றால் கூகுள் பேக்காக ஆக்சிஸ் வங்கி, @ybl என்றால் போன்பேக்காக யெஸ் வங்கி. உங்கள் கணக்கு வேறு எந்த வங்கியில் இருந்தாலும் சரி, செய்தி இந்தச் செயலி வங்கி வழியாகத்தான் போகிறது. ஆகவே நீங்கள் தம்பிக்கு அனுப்பும் 1,500 ரூபாயைப் பற்றி நான்கு வங்கிகள் வரை பேசிக்கொள்ளலாம். அதில் இரண்டு மட்டுமே பேரேட்டைத் தொடும்.

சரி, இப்போது உங்கள் போனைக் கையில் எடுங்கள்.

செயலியை முதன்முதலில் நிறுவியபோது, உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போயிருக்கும். ‘இந்தப் போன், இந்த எண்’ என்று செயலி வங்கி முடிச்சுப் போட்டது அப்போதுதான். ஓடிபி போல உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸாக இல்லாமல் வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே வரும் எண்ணை யாரிடமாவது ஏமாந்து சொல்லிவிடலாம். வெளியே போகும் செய்தி அந்த சிம் இருக்கும் போனிலிருந்துதான் போக வேண்டும். சிம்மை மாற்றினால் செயலி மறுபடியும் பதிவு செய்யச் சொல்வதும் இதனால்தான். பணம் அனுப்பும்போது உங்களை அடையாளம் காட்டும் இரண்டில் முதலாவது இந்தப் போன். இரண்டாவது உங்கள் பின் எண்.

தம்பியின் எண்ணையோ கியூஆரையோ கொடுக்கிறீர்கள். கியூஆர் கட்டத்துக்குள் இருப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, ஒரு வரி எழுத்துதான்:

```
upi://pay?pa=thambi@bank&pn=Thambi&am=1500.00&cu=INR
```

pa என்பது யாருக்கு, pn என்பது பெயர், am தொகை, cu நாணயம். தொகை இல்லாமலும் அச்சடிக்கலாம். கடைகளில் ஒட்டியிருப்பவை பெரும்பாலும் அப்படித்தான். இதில் வரும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பதைக் கவனியுங்கள். அதனால் அந்தப் பெயரை நம்பாமல், செயலி சுவிட்சிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த முகவரி இருக்கிறதா, இது யாருடையது? சுவிட்ச் அதைத் தம்பியின் செயலி வங்கியிடம் கேட்டுப் பதில் வாங்கித் தருகிறது. 2025 ஜூன் கடைசியிலிருந்து, பணம் அனுப்பும் முன் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. திரையில் வரும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். இதற்கு அப்புறம் உங்களைத் தடுத்து நிறுத்த யாரும் இல்லை.

தொகையைப் போட்டதும் பின் கேட்கும் திரை வருகிறது. எந்தச் செயலியில் போனாலும் அந்தத் திரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம், அது செயலிக்காரர்கள் எழுதிய திரை இல்லை. என்பிசிஐ எழுதிக் கொடுத்த துண்டு நிரலை எல்லாச் செயலிகளும் அப்படியே உள்ளே வைத்திருக்கின்றன. நீங்கள் அடிக்கும் நான்கு அல்லது ஆறு இலக்கம் அந்தத் துண்டுக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடும். பூட்டிய பொட்டலத்தைச் செயலி சுமந்து போகும், திறக்க அதனிடம் சாவி இல்லை. சுவிட்சில் இருக்கும் தனிப் பாதுகாப்புப் பெட்டி ஒன்று அதைத் திறந்து, உடனே உங்கள் வங்கியின் சாவியால் மறுபடி பூட்டி அனுப்புகிறது. உங்கள் வங்கியிலும் அதே மாதிரிப் பெட்டிக்குள் வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். ‘ஆப்காரன் என் பின்னைத் தெரிந்துகொள்வானோ’ என்று என் மாமா ரொம்ப நாள் யுபிஐ பக்கமே வராமல் இருந்தார். அவர் பயப்பட வேண்டியது பின்னைக் கேட்டுப் போன் பண்ணும் ஆட்களைப் பார்த்துத்தான்.

இனி நொடிக்கணக்கு. நீங்கள் பின் அடித்து முடித்த கணத்தில் ஒரு வேண்டுகோள் கிளம்புகிறது. யார், யாருக்கு, எவ்வளவு, பூட்டிய பின், கூடவே இந்தப் பரிமாற்றத்துக்கு என்றே உருவாக்கிய ஒரு நீண்ட அடையாள எண். அது செயலி வங்கி வழியாகச் சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்ச் தம்பியின் செயலி வங்கியைக் கூப்பிட்டு, ‘இந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எது?’ என்று கேட்கிறது. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் வருகின்றன. இது வரைக்கும் யார் பேரேட்டிலும் எதுவும் மாறவில்லை.

அடுத்து சுவிட்ச் உங்கள் வங்கியிடம் ‘1,500 பற்று வை’ என்கிறது. உங்கள் வங்கி பின்னைச் சரிபார்க்கிறது, இருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது, அன்றைய வரம்பைத் தாண்டவில்லையே என்று பார்க்கிறது. சாதாரணமாக ஒருவருக்கு ஒருவர் அனுப்ப ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு. பல வங்கிகள் அதற்கும் கீழே வைத்திருக்கும். எல்லாம் சரி என்றால் கோர் பேங்கிங் பேரேட்டில் இரண்டு வரி விழும். உங்கள் கணக்கில் 1,500 பற்று. வங்கியின் ‘யுபிஐ கொடுக்க வேண்டியது’ என்ற உள்கணக்கில் 1,500 வரவு. அதாவது பணம் உங்கள் வங்கியை விட்டு நகரவே இல்லை, உங்களிடமிருந்து எடுத்து மேசை மேல் தனியாக வைத்திருக்கிறார்கள். ‘வைத்தாயிற்று’ என்று சுவிட்சுக்குப் பதில் போகிறது.

அந்தப் பதில் கைக்கு வந்த பிறகே சுவிட்ச் தம்பியின் வங்கியிடம் ‘1,500 வரவு வை’ என்கிறது. அங்கேயும் இரண்டு வரி. தம்பியின் கணக்கில் 1,500 வரவு. ‘யுபிஐயிலிருந்து வர வேண்டியது’ என்ற உள்கணக்கில் 1,500 பற்று. இதை மறுபடி படியுங்கள். தம்பியின் வங்கிக்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை. வரப்போகிறது என்ற சுவிட்சின் சொல்லை நம்பி, தன் கையிலிருந்து தம்பிக்குக் கொடுத்துவிட்டது. தம்பி அதை உடனே எடுத்துப் பெட்ரோல் போடலாம். ‘வைத்தாயிற்று’ என்று பதில் திரும்பியதும், சுவிட்ச் இரண்டு செயலிகளுக்கும் செய்தி அனுப்புகிறது. உங்கள் திரையில் பச்சை டிக், தம்பியின் போனில் சத்தம்.

முதலில் பற்று, அதற்குப் பிறகே வரவு என்ற இந்த வரிசை ஒருபோதும் மாறாது. மாற்றினால் என்ன ஆகும்? வரவு வைத்த பிறகு உங்கள் கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தால், தம்பி அதற்குள் செலவழித்த பணத்தை யாரிடம் போய்க் கேட்பது? பற்று முதலில் என்றால் தவறு நடந்தாலும் காசு ஒரு வங்கியின் மேசை மேல்தான் கிடக்கும். தவிப்பு வாடிக்கையாளருக்கு, ஆனால் பணம் காணாமல் போகாது. உங்களைப் போன்றவர்களிடமிருந்து ‘கழிந்துவிட்டது, சேரவில்லை’ என்ற புகார் அடிக்கடி வருவதும், ‘கழியவில்லை, ஆனால் சேர்ந்துவிட்டது’ என்று யாரும் சொல்லி நாம் கேட்காததும் இந்த வரிசையால்தான்.

சரி, வங்கிகள் எப்போது கணக்குத் தீர்க்கின்றன? ஒரு நாளைப் பல சுற்றுகளாகப் பிரித்திருக்கிறார்கள். வழக்கமான பரிமாற்றங்களுக்கு நாளொன்றுக்குப் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிவிலும் எந்த வங்கி மொத்தத்தில் எவ்வளவு கொடுக்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்று என்பிசிஐ கூட்டிக் கழிக்கிறது. மூன்று வங்கி மட்டுமே உள்ள ஒரு சிறு உலகத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு சுற்றில் முதல் வங்கியின் வாடிக்கையாளர்கள் இரண்டாம் வங்கிக்காரர்களுக்கு 40 கோடியும் மூன்றாம் வங்கிக்காரர்களுக்கு 10 கோடியும் அனுப்பினார்கள். இரண்டாம் வங்கியிலிருந்து முதல் வங்கிக்கு 34, மூன்றாவதுக்கு 12. மூன்றாம் வங்கியிலிருந்து முதல் வங்கிக்கு 18, இரண்டாவதுக்கு 9. மக்கள் கண்ணில் 123 கோடி ரூபாய் கைமாறியிருக்கிறது. இப்போது கழித்துப் பாருங்கள். முதல் வங்கி 50 கொடுக்க வேண்டும், 52 வாங்க வேண்டும், மிச்சம் 2 வரவு. இரண்டாவது 46 கொடுக்க வேண்டும், 49 வாங்க வேண்டும், மிச்சம் 3 வரவு. மூன்றாவது 27 கொடுக்க வேண்டும், வருவது 22, ஆக 5 பற்று. மூன்றாம் வங்கி 5 கோடியைக் கொடுத்தால் மற்ற இரண்டும் தங்கள் 2, 3 கோடியை எடுத்துக்கொள்ளும். கதை முடிந்தது. 123 கோடிக்கு 5 கோடி நகர்ந்தது.

அந்த 5 கோடியும் லாரியில் போவதில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கு இருக்கிறது. ஆர்டிஜிஎஸ் என்ற ஏற்பாட்டின் மூலம் ரிசர்வ் வங்கி தன் பேரேட்டில் மூன்றாம் வங்கியின் பெயரில் குறைத்து மற்ற இரண்டின் பெயரில் கூட்டுகிறது. நிஜமான பணம் நகர்ந்தது என்று சொல்லத்தக்க இடம் இது ஒன்றுதான், அதுவும் எழுத்துதான். உங்கள் 1,500 இதில் எங்கே என்று தேடினால் கிடைக்காது. உப்பு கடலில் கரைந்த மாதிரி. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. அதற்கு முன் ஞாயிறு, விடுமுறை நாட்களில் நாம் அனுப்பியதெல்லாம் அடுத்த வேலை நாள் வரைக்கும் வங்கிகளுக்குள் கடனாகவே நின்றது. நமக்கு மட்டும் அன்றைக்கும் பச்சை டிக் வந்துகொண்டிருந்தது.

செட்டிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார் அங்கே பணத்தை வாங்கிக்கொண்டு உண்டியல் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இங்கே அந்தச் சீட்டைக் காட்டினால் காசு கிடைக்கும், கடைகளுக்குள் கணக்குத் தீர்ப்பது தனியாக நடக்கும். கப்பல் கொண்டுவந்த சீட்டின் இடத்தில் இப்போது சுவிட்ச் இருக்கிறது.

நெஃப்ட் ஏன் மெதுவாக இருக்கிறது என்பதும் இப்போது புரியும். நெஃப்டில் அரை மணிக்கு ஒரு தொகுதி. வங்கிகளுக்குள் தீர்த்த பிறகே பெறுபவர் கணக்கில் வரவு வைப்பார்கள். யுபிஐயில் வரவு முதலில், தீர்ப்பது பிறகு. இடைப்பட்ட நேரத்தில் கொடுக்க வேண்டிய வங்கி கையை விரித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, வங்கிகளின் பங்களிப்போடு ஓர் உத்தரவாத ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். வேகத்துக்கு விலை அந்த அபாயம். அதை நம் தலையில் போடாமல் வங்கிகள் தங்கள் தலையில் சுமக்கின்றன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என் பழைய வேலை முழுக்க இதுதான்.

மேலே சொன்ன பாதையில் சுவிட்ச் ஒவ்வொரு வங்கியிடமும் ஏதாவது சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம்? முன்பு 30 நொடி வரை. 2025 ஜூன் மாதத்திலிருந்து பணப் பரிமாற்ற வேண்டுகோளுக்கு 15 நொடி என்று குறைத்துவிட்டார்கள். பதில் ‘ஆயிற்று’ என்றால் சிக்கல் இல்லை. ‘முடியாது’ என்றாலும் சிக்கல் இல்லை. பின் தப்பு, இருப்பு இல்லை என்பவை தெளிவான மறுப்புகள். வங்கிப் பதிவுகளில் ZM என்றால் தப்பான பின், Z9 என்றால் இருப்புப் போதாது. எதுவும் மாறாமல் அங்கேயே முடிந்துவிடும். தலைவலி மூன்றாவது வகையில்தான்: பதிலே வரவில்லை. மௌனத்துக்கு அர்த்தம் என்ன என்று சுவிட்ச் முடிவு செய்தாக வேண்டும்.

உங்கள் வங்கி மௌனமாக இருந்தால் முடிவு எளிது. பற்று வைத்தார்களா இல்லையா என்று தெரியாது, ஆனால் தம்பியின் வங்கியை இன்னும் கூப்பிடவே இல்லை. ஆகவே சுவிட்ச் பரிமாற்றத்தைத் தோல்வி என்று முடித்துவிட்டு, உங்கள் வங்கிக்கு ‘எடுத்திருந்தால் திருப்பி வை’ என்று சொல்கிறது. எடுத்திருந்தால் அதே அடையாள எண்ணில் திரும்ப வரவு விழும். பாஸ்புத்தகத்தில் ஒரே நிமிடத்தில் 1,500 பற்று, 1,500 வரவு என்று அடுத்தடுத்து இரண்டு வரி பார்த்திருப்பீர்களே, அது இதுதான். தம்பியின் வங்கி ‘இந்தக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது’ என்று தெளிவாக மறுத்தாலும் இதே மாதிரிதான் திரும்பும்.

தம்பியின் வங்கி மௌனமாக இருந்தால்தான் விஷயம் முற்றுகிறது. உங்களிடம் எடுத்தாகிவிட்டது. அங்கே வரவு வைத்துவிட்டுப் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா, வரவே வைக்கவில்லையா? இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம். இந்த நிலையில் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தால், தம்பிக்கும் சேர்ந்திருந்தால் 1,500 இரண்டாகிவிடும். அதனால் சுவிட்ச் திருப்புவதில்லை. ‘நடந்ததாகவே வைத்துக்கொள்வோம்’ என்று முடிவு செய்கிறது. எங்கள் பேச்சில் இதற்கு ‘டீம்டு’ என்று பெயர். உங்கள் திரையில் பச்சைக்குப் பதில் மஞ்சள், ‘நிலுவையில்’ என்று வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டீம்டு என்று முடிவானதும் அந்த 1,500 அந்தச் சுற்றுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே சில மணி நேரத்தில் பணம் உங்கள் வங்கியிலிருந்து தம்பியின் வங்கிக்கு நிஜமாகவே போய்விடுகிறது, தம்பி கணக்குக்குப் போனதா என்பதுதான் தெரியாது. நீங்கள் உங்கள் வங்கிக்கு ஓடி ‘காசு கழிந்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள்’ என்று சண்டை போடும்போது, கவுன்டரில் இருப்பவரிடம் அந்தக் காசு இல்லை. அது அந்தப் பக்கத்து வங்கியில் இருக்கிறது.

அந்தப் பக்கத்து வங்கியில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுவிட்ச் அனுப்பிய பட்டியலையும் தன் கோர் பேங்கிங் பதிவையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார், இப்போது பெரும்பாலும் நிரலே பார்த்துவிடுகிறது. வரவு விழுந்திருந்தால் ‘சேர்ந்துவிட்டது’ என்று உறுதி போடுவார். விழவில்லையென்றால் இப்போது வரவு வைத்துவிட்டு உறுதி போடலாம். வைக்க முடியாத கணக்கு என்றால் திருப்பி அனுப்புவார். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் காலக்கெடு போட்டது. ஒருவருக்கு ஒருவர் அனுப்பியதில் கழிந்து சேராமல் போனால், பெறும் வங்கி அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. கடைக்குச் செலுத்தியதற்கு ஐந்து நாள் கெடு. ‘அனுப்பிய வங்கி’ என்று இல்லாமல் ‘பெறும் வங்கி’ என்று எழுதியிருப்பதை முதலில் படிக்கும் பலருக்கும் விசித்திரமாக இருக்கும். காசு அப்போது எங்கே கிடக்கிறது என்று தெரிந்த உங்களுக்கு இருக்காது.

மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் பலர் செய்வது மறுபடியும் அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம். செய்தி வழியில் இரண்டு முறை போனால்கூட வங்கி அதே அடையாள எண்ணைக் கண்டு இரண்டாவது முறை பற்று வைக்காது. ஆனால் நீங்கள் மறுபடி பின் அடித்தால் அது புதிய எண், புதிய பரிமாற்றம். முதலாவதும் பிறகு சேர்ந்துவிட்டால் தம்பிக்கு 3,000. தம்பி என்றால் பரவாயில்லை, தெரியாத ஆட்டோக்காரர் என்றால் யோசியுங்கள்.

பொறுமையில்லாமல் இருப்பது மனிதர்கள் மட்டும் இல்லை. 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது நினைவிருக்கும். பிறகு என்பிசிஐ கண்டறிந்த காரணம் வேடிக்கையானது. ‘அந்தப் பரிமாற்றம் என்ன ஆயிற்று?’ என்று கேட்கும் நிலை விசாரணைகளைச் சில வங்கிகள் வெள்ளமாகக் கொட்டியதில் சுவிட்ச் திணறியிருக்கிறது. பணம் அனுப்பும் கூட்டத்தைத் தாங்கிய சுவிட்ச், ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்ற கேள்விக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு நிலை விசாரணைக்குக் கட்டுப்பாடு வந்தது. நிலுவையில் உள்ள ஒன்றைப் பற்றி மூன்று முறைதான் கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 90 நொடி விட வேண்டும். உங்கள் செயலி மஞ்சளிலேயே கொஞ்ச நேரம் நின்றால் அது தூங்கவில்லை, வரிசைக்காகக் காத்திருக்கிறது.

சரி, தொங்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது? செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். UTR என்றோ UPI transaction ID என்றோ போட்டிருப்பார்கள். முதலில் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த எண்ணில் பற்று இருக்கிறதா, அதே எண்ணில் திரும்ப வரவு இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். அது தனி வழியில் வருவது, தாமதமாகலாம், வராமலும் போகலாம். பற்று இருந்து திரும்பவில்லை என்றால், தம்பியைத் தன் அறிக்கையில் அதே எண்ணைத் தேடச் சொல்லுங்கள். இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அடுத்த நாள் வரை விட்டுவிட்டு, பிறகு செயலிக்குள்ளேயே அந்தப் பரிமாற்றத்தின் மேல் புகார் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் எண்ணோடு சேர்ந்து உரிய வங்கிக்குப் போகும், கவுன்டரில் வாய்மொழியாகச் சொல்வதைவிட வேகம். வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஒன்று மட்டும் இந்தப் பாதைக்கு வெளியே நிற்கிறது: தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டது. சுவிட்சின் கண்ணில் அது வெற்றிகரமான பரிமாற்றம். எந்தப் பேரேட்டிலும் குறை இல்லை, தானாகத் திரும்ப ஒன்றும் இல்லை. வங்கிக்கு எழுதலாம், அவர்கள் அந்தப் பக்கத்து வங்கி மூலம் அந்த ஆளிடம் கேட்பார்கள். அவர் சம்மதித்தால் வரும்.

எனக்கே ஒரு முறை நடந்தது. அக்காவுக்கு மருந்துச் செலவுக்காக 4,000 அனுப்பினேன், மஞ்சளில் நின்றுவிட்டது. இத்தனை வருடம் இதையே பார்த்தவன், இருந்தும் கை மறுபடி அனுப்பப் பரபரத்தது. அக்கா அதற்குள் மூன்று முறை போன் பண்ணிவிட்டார், “டேய், வரலடா.” மருந்துக் கடைக்காரரின் எண்ணை வாங்கி அவருக்குத் தனியாகச் செலுத்திவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் காலை என் அறிக்கையில் அதே 12 இலக்க எண்ணில் 4,000 வரவு. அக்காவின் கணக்கு கேஒய்சி புதுப்பிக்காததால் முடங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்படியிருக்க அந்த வங்கி ‘முடியாது’ என்று அப்போதே ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் என் பணம் பத்து நொடியில் திரும்பியிருக்கும்.